டொரன்டோவில் வீடு கேட்டு ஒரு கடிதம்

சென்னையில் வீட்டை வாடகைக்கு விடுகிறவர், வருகிறவரின் சம்பளச் சீட்டைப் பெரும்பாலும் கேட்பதில்லை. எங்கே வேலை, வீட்டில் எத்தனை பேர், சைவமா அசைவமா என்று நாலு கேள்வி. அடுத்து அட்வான்ஸ் பேச்சு வந்துவிடும். பத்து மாத வாடகை கைக்கு வந்துவிட்டால் அவருக்குப் பாதி பயம் தீர்ந்தது. வாடகை நின்றால் அதில் கழித்துக்கொள்ளலாம். சுவரில் ஆணி அடித்து வைத்தாலும் அதில் கழித்துக்கொள்ளலாம்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இந்தக் கதவு அடைபட்டிருக்கிறது. அங்குள்ள 2006-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வீட்டுக்காரர் டெபாசிட்டாகக் கேட்கக்கூடியது ஒரு மாத வாடகைதான். அதையும் கடைசி மாத வாடகைக்கு மட்டுமே ஈடுகட்டலாம். உடைந்த குழாய்க்கோ பெயின்ட்டுக்கோ பிடித்துக்கொள்ள முடியாது. வாடகை தராதவரைத் தானே பூட்டுப்போட்டு வெளியேற்றவும் முடியாது. நோட்டீஸ், தீர்ப்பாயத்தில் மனு, விசாரணை, கடைசியில் ஷெரிஃப் என்று போகும். பல மாதம் ஆகும். அத்தனை மாதமும் அவருடைய வங்கிக் கடன் தவணை நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும்.

அதனால் சாவி கொடுப்பதற்கு முன்பே எல்லாவற்றையும் காகிதத்தில் பார்த்துவிட நினைக்கிறார். விண்ணப்பப் படிவம், வேலைக் கடிதம், சம்பளச் சீட்டு, கிரெடிட் ரிப்போர்ட், ரெஃபரன்ஸ் என்று ஒரு கட்டு போகிறது. அதன் மேலே ஒரு சின்னக் கடிதம் இருக்கும். இன்றைக்கு அது பெரும்பாலும் மின்னஞ்சல்தான். டொரன்டோவில் கொண்டோ எனப்படும் அடுக்குமாடி வீடுகள் பெரும்பாலும் ஏஜென்ட் மூலமே வாடகைக்குப் போகின்றன. உரிமையாளர் உங்களை நேரில் பார்க்காமலே முடிவெடுப்பது சாதாரணம். ஒரே வீட்டுக்கு நாலைந்து விண்ணப்பம் வந்திருந்தால், ஏஜென்ட் அந்தக் கடிதத்தை அப்படியே உரிமையாளருக்கு அனுப்பிவிட்டு, “இவர்கள் எப்படி?” என்று கேட்பார். உரிமையாளர் முழுதாகப் படிக்கும் ஒரே பக்கம் அதுவாகவே இருக்கலாம்.

ஊரிலிருந்து புதிதாகப் போனவர்கள் கோட்டைவிடுவதும் இதில்தான். ஒரு தம்பதியை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். கணவர் ஜனவரி முதல் வாரம் டொரன்டோவில் ஒரு நிறுவனத்தில் நிரந்தர வேலையில் சேர்ந்தார். ஆண்டுச் சம்பளம் 78,000 டாலர். மனைவி வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஸ்கார்பரோவில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் பேஸ்மென்ட்டில் எட்டு மாதமாக இருக்கிறார்கள். அதற்கு முன் வேளச்சேரியில் மூன்று வருடம் வாடகை வீடு. இப்போது ஏப்ரல் கடைசி. மாதம் 2,100 டாலர் வாடகையில் ஒரு படுக்கையறை கொண்டோ பார்த்திருக்கிறார்கள். ஜூலை 1-இல் குடிபோக வேண்டும்.

அவர்கள் முதலில் எழுதும் கடிதம் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்; இந்த மாதிரிக் கடிதங்கள் நிறையப் படித்திருக்கிறேன். நாங்கள் மரியாதையான குடும்பத்தைச் சேர்ந்தவர்கள். கடவுள் நம்பிக்கை உள்ளவர்கள். குடி, புகை கிடையாது. சுத்த சைவம், அதனால் சமையல் வாடை இருக்காது. ஊரில் எங்களுக்குச் சொந்த வீடு இருக்கிறது. உங்கள் வீட்டை எங்கள் வீடு போலப் பார்த்துக்கொள்வோம். தயவுசெய்து எங்களுக்கே தாருங்கள், வேண்டுமானால் ஆறு மாத வாடகையை முன்னதாகவே கொடுத்துவிடுகிறோம்.

இதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் ஏஜென்ட் சரிபார்த்துக்கொள்ள இதில் ஒரு வரிகூட இல்லை. புகை பிடிக்காதவர் என்பது ஒன்றுதான் பயன்படும் தகவல். மதம், சாப்பாடு, பிறந்த ஊர், குழந்தை உண்டா இல்லையா என்பதையெல்லாம் எழுத வேண்டியதே இல்லை. ஒன்டாரியோவின் மனித உரிமைச் சட்டப்படி மதம், இனம், பிறந்த நாடு, திருமண நிலை, குடும்ப நிலை ஆகியவற்றைக் காரணமாக வைத்து வீடு மறுக்கக் கூடாது. கேட்கக் கூடாததை நாமாக ஏன் சொல்ல வேண்டும்? ஊரில் கேட்டுக் கேட்டுப் பழகிப்போய், அங்கே போயும் கேட்காமலே ஒப்பிக்கிறோம்.

ஆறு மாத முன்பணம் என்ற வரியை முதலில் அடிக்க வேண்டும். அப்படிக் கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. ஆனாலும் புதிதாக வந்தவர்கள் தாமாகவே முன்வந்து கொடுக்கிறார்கள். ஆனால் பன்னிரண்டாயிரம் டாலருக்கு மேல் ஒருவர் கையில் கொடுத்த பிறகு ஏதாவது தகராறு வந்தால், அதைத் திரும்ப வாங்க அலைய வேண்டியவர் நீங்கள்தான். தவிர, காகிதங்கள் சரியாக இருப்பவர் இதைச் சொல்ல மாட்டார் என்று நினைக்கும் ஏஜென்ட்டுகளும் உண்டு.

அதே தம்பதி எழுதியிருக்க வேண்டிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும். அனுப்பும்போது ஆங்கிலத்தில்தான் போகும், பொருள் இதுதான்:

“வணக்கம். சனிக்கிழமை நாங்கள் பார்த்த 1104-ஆம் எண் வீட்டுக்கு விண்ணப்பிக்கிறோம். வாடகை 2,100 டாலர், ஓராண்டு ஒப்பந்தம், ஜூலை 1 முதல். குடியிருக்கப்போவது நானும் என் மனைவியும். இருவரும் புகைப்பதில்லை, செல்லப்பிராணி இல்லை.

ஜனவரியிலிருந்து நிரந்தர முழுநேர வேலையில் இருக்கிறேன். ஆண்டுச் சம்பளம் 78,000 டாலர், அதாவது பிடித்தத்துக்கு முன் மாதம் 6,500. வேலைக் கடிதமும் கடைசி மூன்று சம்பளச் சீட்டுகளும் இணைப்பில் உள்ளன. மனைவி இப்போது வேலை தேடுகிறார். என் சம்பளத்தை வைத்தே விண்ணப்பிக்கிறோம்.

கனடாவுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதனால் என் கிரெடிட் வரலாறு குறுகியது: ஒரே ஒரு கார்டு, ஐந்து மாதமாக நிலுவையில்லாமல் கட்டி வருகிறேன். ரிப்போர்ட் இணைத்திருக்கிறேன். இந்த எட்டு மாத வாடகையும் வங்கி வழியாகவே கட்டியிருக்கிறேன், ரசீதுகள் உள்ளன. இப்போதைய வீட்டுக்காரர், சென்னையில் எங்கள் முந்தைய வீட்டுக்காரர், என் மேலாளர் ஆகிய மூவரும் பேசச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்களது எண்களும் கூப்பிட ஏற்ற நேரமும் கீழே.

இப்போதைய வீட்டை ஜூன் 30-உடன் காலி செய்ய எழுத்தில் அறிவித்திருக்கிறோம். கேள்வி இருந்தால் மாலை ஐந்துக்கு மேல் எப்போதும் அழைக்கலாம்.”

இவ்வளவுதான். திரையில் ஒரு பக்கத்தைத் தாண்டாது. எந்த வீடு, எவ்வளவு வாடகை, எந்தத் தேதி என்பது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. ஒரு ஏஜென்ட் ஒரே வாரத்தில் ஐந்தாறு வீடுகளைக் கையில் வைத்திருப்பார். “உங்கள் வீட்டுக்கு” என்று மட்டும் எழுதினால் எந்த வீடு என்று அவர் தேட வேண்டியிருக்கும். அடுத்து, பலவீனமான இடத்தை அவர்களே எடுத்துச் சொல்லிவிடுகிறார்கள். கிரெடிட் வரலாறு குறுகியது என்பதை ரிப்போர்ட்டைத் திறந்த அரை நிமிடத்தில் ஏஜென்ட் கண்டுபிடித்துவிடப் போகிறார். கடிதத்திலேயே காரணத்தோடு சொல்லி, அதற்கு ஈடாக என்ன இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே வைத்துவிட்டால், அவராக வேறு காரணம் கற்பித்துக்கொள்ள இடமில்லை.

காலி செய்யும் தேதியும் சும்மா எழுதியதல்ல. ஒன்டாரியோவில் மாத வாடகைக்கு இருப்பவர் அறுபது நாள் முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அதுவும் வாடகை மாதத்தின் கடைசி நாளில் முடிகிற மாதிரி. ஏப்ரல் கடைசியில் அறிவிப்புக் கொடுத்தால் ஜூன் 30-இல்தான் விடுபடலாம். இது தெரியாமல் ஜூன் 1-இல் வருகிறேன் என்று எழுதினால், பழைய வீட்டுக்காரரிடம் முறைப்படி சொல்லாமல் கிளம்புகிறார் என்றுதான் எதிராளி நினைப்பார். நாளைக்குத் தன் வீட்டையும் அப்படித்தான் விட்டுப்போவாரோ என்ற யோசனை அடுத்து வரும்.

இனி, இணைப்புகளுக்கு வருவோம். கடிதத்தில் சொன்ன எண்ணும் இணைப்பில் இருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். கேட்கச் சுலபம், ஆனால் விண்ணப்பங்கள் வழுக்குவது இங்கேதான். கனடாவில் பல நிறுவனங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை சம்பளம் போடுகின்றன. வருடத்துக்கு 26 தவணை. 78,000-ஐ 26-ஆல் வகுத்தால் தவணைக்கு 3,000. ஊர்ப் பழக்கத்தில் இரண்டு தவணையைக் கூட்டி “மாதம் 6,000” என்று எழுதிவிடுவார்கள். வேலைக் கடிதமோ ஆண்டுக்கு 78,000 என்கிறது. அதைப் பன்னிரண்டால் வகுத்தால் 6,500 வருகிறது. குறைத்து எழுதியதில் தவறான நோக்கம் எதுவும் இல்லை. ஆனாலும் எண் ஒத்துவராத விண்ணப்பம் சந்தேகத்தைக் கிளப்பும். வேறு சிலர் கைக்கு வரும் தொகையை எழுதுவார்கள். இவர்கள் விஷயத்தில் வரி, ஓய்வூதியம், வேலையின்மைக் காப்பீடு போகத் தவணைக்கு ஏறக்குறைய 2,240 டாலர் வரும். எதை எழுதினாலும் சரி, அது பிடித்தத்துக்கு முன்பா பின்பா என்று சொல்லிவிட வேண்டும்.

சம்பளச் சீட்டில் அனுபவமுள்ள ஏஜென்ட்டின் கண் போகும் இடம் ஒன்று உண்டு. அந்தத் தவணைக்கான தொகைக்குப் பக்கத்தில், ஆண்டின் தொடக்கத்திலிருந்து இதுவரை சேர்ந்த மொத்தம் என்று ஒரு பத்தி இருக்கும். நம் ஆள் ஜனவரி முதல் வாரம் சேர்ந்து, ஏப்ரல் 25-ஆம் தேதிச் சீட்டு எட்டாவது என்றால், அந்தப் பத்தியில் 24,000 இருக்க வேண்டும். அதற்கு முந்தைய சீட்டில் 21,000, அதற்கும் முன்பு 18,000. மூன்று சீட்டைக் கேட்பது இந்த ஏறுவரிசையைப் பார்க்கத்தான். கணினியில் சம்பளச் சீட்டை மாற்றி அச்சடிக்கிறவர்கள் மேலே உள்ள தொகையை மாற்றுவார்கள்; மொத்தத்தை மாற்ற மறந்துவிடுவார்கள், அல்லது ஓய்வூதியப் பிடித்தத்தைப் பழைய சம்பளத்துக்கு உரியபடியே விட்டுவிடுவார்கள். போலிச் சீட்டுகள் நிறையப் புழங்குவதால் நேர்மையானவர்களின் சீட்டையும் இப்படித்தான் துருவிப் பார்க்கிறார்கள். உங்கள் சீட்டில் மொத்தம் பொருந்தாமல் போக உண்மையான காரணம் இருந்தால், உதாரணமாக நடுவில் சம்பளமில்லாத விடுப்பு எடுத்திருந்தால், கடிதத்தில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

வேலைக் கடிதம் நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். பதவி, சேர்ந்த தேதி, நிரந்தரமா ஒப்பந்தமா, முழுநேரமா, ஆண்டுச் சம்பளம், கையெழுத்திட்டவரின் பெயர், தொலைபேசி எண் எல்லாம் அதில் வேண்டும். தேதி சமீபத்தியதாக இருக்கட்டும். மூன்று மாதப் பழைய கடிதத்தைப் பார்த்தால், ஆள் இன்னும் அந்த வேலையில்தான் இருக்கிறாரா என்ற கேள்வி எழும். கடிதத்தில் உள்ள எண்ணை ஏஜென்ட் அப்படியே கூப்பிட மாட்டார். நிறுவனத்தின் பொது எண்ணைத் தானே தேடி எடுத்து, அதன் வழியாக மனிதவளப் பிரிவைக் கேட்பார். அவர்களுக்கு முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வைப்பது நல்லது. “ஊழியர் பற்றித் தொலைபேசியில் எதுவும் சொல்ல மாட்டோம்” என்ற பதில் போனால் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

சம்பளத்தில் இத்தனை பங்குக்கு மேல் வாடகை போகக் கூடாது என்று ஒரு கணக்கைப் பலர் வைத்திருக்கிறார்கள். வழக்கமாகச் சொல்வது முப்பது சதவீதம். இவர்களுக்கு 6,500-இல் 2,100 என்பது 32 சதவீதத்துக்குச் சற்று மேலே வருகிறது. இதைப் பார்த்துப் பயந்து, மனைவிக்கும் ஏதோ வருமானம் இருப்பதாக எழுதச் சொல்லும் புத்திசாலிகள் இருக்கிறார்கள். வேண்டாம். இப்படி ஒரு சதவீதக் கோட்டைப் போட்டு அதற்கு மேலே இருப்பவர்களைத் தள்ளுவது பாகுபாடு என்று, வாடகை நிறுவனங்களுக்கு எதிரான ஒரு வழக்கில் 1998-லேயே தீர்ப்பாகியிருக்கிறது. வருமானத்தைக் கேட்கலாம், ஆனால் வாடகை வரலாறு, கிரெடிட் விவரம் ஆகியவற்றையும் கூடவே கேட்டு, கிடைத்த எல்லாவற்றையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும் என்பது விதி. கிரெடிட் வரலாறே இல்லாததைக் கெட்ட வரலாறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் மாகாண மனித உரிமை ஆணையம் சொல்கிறது. நடைமுறையில் தனி உரிமையாளர்கள் பலர் இதையெல்லாம் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். அவர்களிடம் சட்டப் பிரிவை மேற்கோள் காட்டி எழுதினால் வீடு கிடைக்காது. வாடகை தவறாமல் கட்டிய ரசீதுகளைக் காட்டி எழுதினால் கிடைக்க வாய்ப்புண்டு.

ரசீது என்றதும் பேஸ்மென்ட் நினைவுக்கு வருகிறது. ஸ்கார்பரோவில் நம்மவர்கள் பலருடைய முதல் வீடு தெரிந்தவர் வீட்டுப் பேஸ்மென்ட்தான். வாடகை ரொக்கமாகக் கைமாறும். காகிதம் எதுவும் இருக்காது. ஒழுங்காக வாடகை கட்டியிருந்தும் அதற்கு ஒரு தடயம்கூட இருக்காது. ஒன்டாரியோ சட்டப்படி வாடகைதாரர் கேட்டால் வீட்டுக்காரர் இலவசமாக ரசீது கொடுத்தாக வேண்டும். காலி செய்து போன பிறகும் ஓராண்டுக்குள் கேட்கலாம். ஆனால் அண்ணன், அக்கா என்று கூப்பிடுகிற இடத்தில் சட்டத்தைச் சொல்லி ரசீது கேட்க நாக்கு எழாது. அதற்கு ஒரு வழி, முதல் மாதத்திலிருந்தே வங்கி வழியாக வாடகை அனுப்பிவிடுவது. “அண்ணா, கையில் காசு எடுக்க நேரமில்லை, கணக்கிலேயே போட்டுவிடுகிறேன்” என்றால் யாருக்கும் மனக்கசப்பு வராது. அனுப்பும்போது குறிப்பில் மாதத்தின் பெயரோடு ‘வாடகை’ என்று எழுதிவிட்டால், அதுவே பின்னாளில் சான்று.

ரெஃபரன்ஸில் இப்போதைய வீட்டுக்காரரை விட முந்தையவர் பேச்சுக்கு மதிப்பு அதிகம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தொல்லை கொடுக்கும் வாடகைதாரர் எப்படியாவது கிளம்பினால் போதும் என்று நினைக்கும் வீட்டுக்காரர், தங்கமான மனிதர் என்று சொல்லி அனுப்பிவிடுவார். முந்தையவருக்கு அந்த அவசரம் இல்லை. அதனால் வேளச்சேரி வீட்டுக்காரரை, எங்கோ இருப்பவர்தானே என்று விட்டுவிடக் கூடாது. அவரிடமிருந்து எத்தனை வருடம் இருந்தார்கள், வாடகை எவ்வளவு, எப்போதாவது தாமதம் உண்டா, அட்வான்ஸ் முழுதும் திருப்பிக் கொடுக்கப்பட்டதா என்று நாலு வரி ஆங்கிலக் கடிதம் வாங்கி, பழைய ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தையும் சேர்த்து வைக்கலாம். டொரன்டோவில் காலை ஒன்பது என்றால், கோடையில் சென்னையில் மாலை ஆறரை. “காலையில் கூப்பிட்டால் கிடைப்பார்” என்று அந்த நேரத்தைக் கடிதத்திலேயே எழுதிவிட்டால், கூப்பிட மனம் வரும். உறவினரை வீட்டுக்காரர் என்று போடுவது ஆபத்தான விளையாட்டு. வீடு யார் பெயரில் இருக்கிறது என்பதை ஏஜென்ட் பதிவேட்டில் பார்த்துவிடலாம்.

எதையெல்லாம் இணைக்கக் கூடாது என்பதும் முக்கியம். ஏஜென்ட்டுகள் பரவலாகப் பயன்படுத்தும் வாடகை விண்ணப்பப் படிவத்தில் சமூகக் காப்பீட்டு எண்ணுக்கு ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்புவது உங்கள் விருப்பம். காலியாக விடுங்கள். பெயர், பிறந்த தேதி, முகவரி இருந்தாலே கிரெடிட் ரிப்போர்ட் எடுத்துவிடலாம். சம்பளச் சீட்டிலோ வரித்துறைக் கடிதத்திலோ அந்த எண் அச்சாகியிருந்தால் கருப்படித்துவிட்டு அனுப்புங்கள். வங்கிக் கணக்கு எண்ணும் அப்படித்தான். கிரெடிட் ரிப்போர்ட்டை ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என்ற இரண்டு நிறுவனங்களிடமும் இலவசமாகவே வாங்கலாம். நம்முடையதை நாமே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

வீட்டை உள்ளே போய்ப் பார்க்கும் முன் இந்தக் கட்டை யாருக்கும் அனுப்பக் கூடாது. நல்ல படம், சந்தை விலையை விடக் குறைந்த வாடகை, உரிமையாளர் வெளிநாட்டில் இருக்கிறார், காகிதங்களையும் டெபாசிட்டையும் அனுப்பினால் சாவி கூரியரில் வரும் என்றால் அது மோசடிதான். டெபாசிட் பணம் போவதோடு முடிவதில்லை. அந்தக் காகிதங்களை வைத்து உங்கள் பெயரில் கடன் வாங்கவும் முடியும்.

கோப்புகளுக்குப் பெயர் வைப்பதில் கொஞ்சம் கவனம் வேண்டும். செல்பேசியில் எடுத்த `IMG_4471.jpg` மாதிரிப் படங்கள் பதினைந்து வந்தால், எதில் என்ன இருக்கிறது என்று திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. `1-Job-Letter.pdf`, `2-Pay-Stubs.pdf`, `3-Credit-Report.pdf` என்று, கடிதத்தில் சொன்ன அதே வரிசையில் இருந்தால் போதும்.

முதல் விண்ணப்பத்திலேயே வீடு கிடைப்பது அபூர்வம். ஒருவர் மறுத்தால், அதே கட்டு அடுத்தவருக்குப் போகும். போகும்முன் இரண்டு இடத்தைப் பார்த்துவிட வேண்டும். கடிதத்தில் வீட்டு எண்ணும் வாடகையும் புதிய வீட்டுக்கு உரியவையா? பழைய எண்ணோடு போய்ச் சேரும் கடிதங்கள் கொஞ்சமல்ல. நடுவில் இன்னொரு சம்பளம் வந்திருந்தால், மூன்றில் பழைய சீட்டை எடுத்துவிட்டுப் புதியதைச் சேருங்கள். அதில் மொத்தம் 27,000 ஆகியிருக்கும்.